முட்டி வீக்கம் வற்றிவிட்டது. கண் பரிசோதனையைத் தள்ளிப்போடலாமா?

கதிர்மதி | அக்டோபர் 6, இரவு 9.40

என் மகளுக்கு மூன்று வயது ஐந்து மாதம். இடது முழங்காலில் ஜே.ஐ.ஏ. என்னும் சிறார் மூட்டுவாதம். கேள்விக்கு வருமுன் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எல்லோரும் அதையே கேட்பீர்கள்.

பொங்கல் கழிந்த வாரத்தில் முட்டி வீங்கியது. காலையில் எழுந்ததும் காலை இழுத்து இழுத்து நடப்பாள். பத்து மணிக்கு மேல் ஒன்றும் நடக்காததுபோல் ஓடுவாள். வலிக்கிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை. எங்கள் ஊரில் இரத்தத்தில் ஏ.எஸ்.ஓ. அளவு கூடியிருக்கிறது, ருமாட்டிக் காய்ச்சல் என்று சொல்லி 21 நாளுக்கு ஒரு பென்சிலின் ஊசி போட்டார்கள். மூன்று ஊசி போட்டும் வீக்கம் அசையவில்லை. ஏப்ரலில் நகரத்து மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். காசநோய் இருக்கிறதா, இரத்தப் புற்று இருக்கிறதா என்று முதலில் பார்த்து, இரண்டும் இல்லை என்றார்கள். ஒரே ஒரு மூட்டுதான் என்பதால் ஆலிகோ வகை என்று சீட்டில் எழுதினார்கள். இரத்தச் சோதனையில் ஏ.என்.ஏ. பாசிட்டிவ், 1:320. ஆர்.ஏ. ஃபேக்டர் இல்லை. மயக்கம் கொடுத்து, முட்டியிலிருந்து நீரை எடுத்துவிட்டு, உள்ளே டிரையம்சினோலோன் என்னும் ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். பத்து நாளில் முட்டி வற்றிவிட்டது.

கண்ணை ஏப்ரலில் ஒரு முறை பார்த்தார்கள், ஜூலையில் ஒரு முறை. இரண்டு முறையும் நார்மல். அடுத்தது அக்டோபர் 14. போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம் பஸ். அவருக்கு ஒருநாள் கூலி போகும். இத்தனைக்கும் அங்கே போனால் அரை நிமிடம் ஒரு இயந்திரத்தில் பார்த்துவிட்டு அனுப்பிவிடுகிறார்கள். தீபாவளிக் கூட்டம் வேறு. முட்டி நன்றாக இருக்கிறது, கண் சிவக்கவில்லை, எதிர்வீட்டு மாடியில் இருக்கும் காக்கையைக்கூட விரல் நீட்டிக் காட்டுகிறாள். தை மாதத்துக்குத் தள்ளினால் தவறா?

சேலத்து அப்பா | அக்டோபர் 6, இரவு 10.15

சகோதரி, பயப்படாதீர்கள். என் மகனுக்குப் பன்னிரண்டு வயது, இதே ஜே.ஐ.ஏ.தான். குதிகாலில் வலி வந்து, பிறகு இடுப்பில் வந்தது. பி27 சோதனை பாசிட்டிவ். போன ஆண்டு ஒருநாள் காலையில் வலது கண் மிளகாய்ப் பழம் மாதிரி சிவந்துவிட்டது. ஜன்னலைத் திறந்தால் அலறினான். அன்றைக்கே கொண்டுபோய்ச் சொட்டு மருந்து போட்டு, மூன்று வாரத்தில் சரியானது. எங்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை வந்தால் போதும், சிவந்தால் மட்டும் உடனே வாருங்கள் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். கண்ணில் இந்த நோய் வந்தால் உங்களுக்குத் தெரியாமல் போகவே போகாது.

பெரியகுளத்தான் | அக்டோபர் 7, காலை 6.05

அம்மா, நான் ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர். என் பேத்திக்கு இரண்டு கை விரல்களிலும் மூட்டுவாதம், ஆர்.ஏ. ஃபேக்டர் உண்டு. இந்த நோயைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். கண்ணும் மூட்டும் ஒரே எதிர்ப்பாற்றல் கோளாற்றால்தான் பாதிக்கப்படுகின்றன. ஆகவே மூட்டு அடங்கினால் கண்ணும் அடங்கும். உங்கள் மகளுக்கு ஒரே மூட்டுதான்; ஆர்.ஏ. ஃபேக்டரும் இல்லை. இருக்கிற வகைகளில் இதுதான் மிக இலேசானது. ஏ.என்.ஏ. நல்ல உடல்நிலையில் இருக்கும் குழந்தைகளுக்கும் பாசிட்டிவாக வரும். அதை வைத்துப் பயமுறுத்துவார்கள். வீட்டிலேயே டார்ச் அடித்துப் பாருங்கள். கண்மணி சுருங்கினால் கண் நன்றாக இருக்கிறது.

பழைய கண் டாக்டர் | அக்டோபர் 7, பிற்பகல் 2.30

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனால் இருபது ஆண்டுகளுக்கு மேல் கண் உள்ளழற்சிப் பிரிவில் உட்கார்ந்தவள் என்பதால் இதைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

சேலத்துத் தம்பி சொன்னது அவர் மகனுக்கு முழு உண்மை. அந்த வகை குதிகால், இடுப்பு, பி27 என்று வரும். கண்ணுக்குள் வந்தால் வலியும் சிவப்புமாகத்தான் வரும். பையனே ஊரைக் கூட்டிவிடுவான். இந்தக் குழந்தைக்கு வரக்கூடியது வேறு. வெள்ளை விழி வெள்ளையாகவே இருக்கும். வலி இருக்காது, நீர் வடியாது, கூச்சம் இருக்காது. ஒரு கண்ணில் பார்வை பாதி போன பிறகும் மூன்று வயதுக் குழந்தை மற்றொரு கண்ணை வைத்துக்கொண்டு காக்கையைக் காட்டும். பெயர் ஒன்றாக இருப்பதால் நோயும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. ஜே.ஐ.ஏ. என்பது ஏழு வகைகளைப் போட்டுக் கட்டிய ஒரு மூட்டை.

பெரியவர் சொன்னதில் ஏ.என்.ஏ. பற்றிய பாதி சரி. நோயற்ற குழந்தைக்கும் அது இருக்கலாம். ஆனால் மூட்டு வீங்கிய குழந்தைக்கு ஏ.என்.ஏ. இருந்தால், ஏழு வயதுக்கு முன்பே நோய் தொடங்கியிருந்தால், தொடங்கி நான்கு ஆண்டுகள் ஆகாமல் இருந்தால், கண்ணுக்கு ஆபத்து மிக அதிகம். மூன்றும் உங்கள் மகளுக்குப் பொருந்துகிறது. இலேசான வகை என்பது முட்டியைப் பார்த்துச் சொல்வது. ஆர்.ஏ. ஃபேக்டர் உள்ள, பல மூட்டுகள் வீங்கும் பெரியவருடைய பேத்தியின் வகையில் கை பாழாகும் பயம் அதிகம், கண்ணுக்குப் பயம் குறைவு. ஒற்றை மூட்டு வீங்கும் சின்னப் பெண் குழந்தைக்கு அப்படியே தலைகீழ்.

மூட்டு அடங்கினால் கண்ணும் அடங்கும் என்பது மட்டும் முழுத் தவறு. இரண்டும் தனித்தனிப் பாதையில் போகின்றன. முட்டி வீங்குவதற்கு முன்பே கண்ணில் நோய் வந்த குழந்தைகளையும், முட்டி வற்றி ஓராண்டு கழித்து வந்த குழந்தைகளையும் பார்த்திருக்கிறேன்.

டார்ச் ஏன் உதவாது என்று சொல்கிறேன். ஓட்டு வீட்டில் ஓடு உடைந்த இடத்தில் ஒரு கீற்று வெயில் உள்ளே விழுமே, அதில் தூசி மிதப்பது தெரியும். அதே அறையில் கதவை அகலத் திறந்து வைத்தால் தூசி தெரியாது. தூசி அங்கேதான் இருக்கும். ஸ்லிட் லேம்ப் அந்த ஓட்டை ஓடுதான். அறையை இருட்டாக்கி, ஒரு மில்லிமீட்டர் அகலக் கீற்றைக் கண்ணின் முன்னறைக்குள் சாய்த்து விட்டு, பெருக்கிப் பார்ப்போம். நல்ல கண்ணில் அந்தக் கீற்று கடக்கும் நீர் கறுப்பாக, காலியாக இருக்கும். அழற்சி இருந்தால் வெள்ளணுக்கள் தூசிபோல் மிதக்கும், எண்ணலாம். கீற்றுக்குள் ஐந்து வரை இருந்தால் அரை, ஆறிலிருந்து பதினைந்து என்றால் ஒன்று என்று குறிப்போம். நீங்கள் அரை நிமிடம் என்று சொன்னீர்களே, அந்த அரை நிமிடத்தில் எண்ணியது இதைத்தான்.

அமெரிக்க மூட்டுவாத மருத்துவர் சங்கத்தின் 2019 வழிகாட்டுதல் உங்கள் மகளைப் போன்றவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்கிறது. பிரிட்டனில் முதல் ஆறு மாதம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. தைக்குத் தள்ளினால் ஜூலைக்கும் அடுத்த பரிசோதனைக்கும் நடுவில் ஆறு மாதம் விழும். போய் வாருங்கள்.

வலதுகண் | அக்டோபர் 7, இரவு 11.50

டாக்டர் அம்மா சொன்னதற்கு நான் சாட்சி. வயது 31. நான்கு வயதில் வலது முட்டி வீங்கியது. ஐந்து வயதில் அடங்கிவிட்டது, அதன் பிறகு இன்றுவரை வந்ததில்லை. வீட்டில் முருகனுக்கு மொட்டை போட்டு முடித்துவிட்டார்கள். கண்ணைப் பார்க்க வேண்டும் என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.

இரண்டாம் வகுப்பில் டீச்சர் கரும்பலகையைப் படிக்கச் சொன்னபோது தலையை ஒரு பக்கம் திருப்பிப் படித்தேன். குறும்பு செய்கிறேன் என்று நினைத்து அடித்தார்கள். அம்மாதான் ஒருநாள் தலை வாரும்போது இடது கருவிழியின் குறுக்கே சுண்ணாம்புக் கோடு மாதிரி ஒன்று ஓடுவதைப் பார்த்தாள். அதற்குள் உள்ளே புரை விழுந்து, கண்மணி லென்ஸோடு ஒட்டி, பூவிதழ் மாதிரி ஒழுங்கில்லாமல் இருந்தது. இரண்டு அறுவைச் சிகிச்சை. இப்போது இடது கண்ணில் வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரியும். ஒருநாள்கூட வலித்ததில்லை. முட்டி அடங்கிவிட்டது என்பதால்தான் என்னை யாரும் மருத்துவரிடம் கொண்டுபோகவில்லை. அக்கா, 14ஆம் தேதி போங்கள். பஸ் கட்டணம் வேண்டுமென்றால் நான் அனுப்புகிறேன், வெட்கப்படாதீர்கள்.

பெரியகுளத்தான் | அக்டோபர் 8, காலை 6.20

டார்ச் பற்றி நான் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஒரு சந்தேகம் மட்டும். பக்கத்து ஊரில் கண் முகாம் போடுகிறார்கள், கண்ணாடிக் கடையிலும் கணினியில் பார்க்கிறார்கள். அங்கே பார்த்தால் போதாதா? ஆறு மணி நேரப் பஸ் குழந்தைக்கும் சிரமம்தானே.

பழைய கண் டாக்டர் | அக்டோபர் 8, காலை 11.10

கடையில் பார்க்கும் கணினி கண்ணாடிப் பவர் பார்க்கும், முன்னறைக்குள் போகாது. முகாமில் ஸ்லிட் லேம்ப் இருந்தால் சரிதான், ஆனால் அது பெரும்பாலும் தாத்தா பாட்டிகளின் புரைக்கு வந்த கூட்டம். மூன்று வயதுக் குழந்தையை அதில் உட்கார வைக்கப் பொறுமை வேண்டும். வட்டார நகரத்தில் ஸ்லிட் லேம்ப் உள்ள கண் மருத்துவர் இருந்தால், "ஜே.ஐ.ஏ., முன்னறை அணுக்கள் பார்க்க" என்று சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு அவரிடமே போகலாம். எந்த ஊர் என்பது முக்கியமில்லை, எந்தக் கருவி, எந்தத் தேதி என்பதுதான் முக்கியம்.

குழந்தையை நாற்காலியில் மண்டியிட வைத்து, பின்னால் நீங்கள் அணைத்துப் பிடித்து, தாடையைத் தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் அழுத்தச் சொல்லுங்கள். வீட்டில் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துப் பத்து எண்ணும் விளையாட்டை இரண்டு நாள் விளையாடினால் போதும்.

தறிவீட்டுப் பெண் | அக்டோபர் 8, மாலை 5.45

எல்லோரும் கண்ணையே பேசுகிறீர்கள். நான் இயன்முறை சிகிச்சையாளர், முட்டியைப் பற்றிக் கேட்கிறேன். வீக்கம் வற்றியது சரி. முட்டி முழுதாக நீளுகிறதா?

குழந்தையைப் பாயில் மல்லாக்கப் படுக்க வைத்து, இரண்டு முட்டிக்கும் அடியில் கையை நுழைத்துப் பாருங்கள். நல்ல பக்கம் கை நசுங்கும். இடது பக்கம் கை தாராளமாகப் போய் வந்தால் முட்டி மடங்கியே நிற்கிறது என்று பொருள். பிறகு நிற்க வைத்துப் பின்னாலிருந்து இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் இரண்டு கட்டைவிரலையும் வைத்து, ஒரே உயரமா என்று பாருங்கள். இரவில் முட்டிக்கு அடியில் தலையணை வைக்கிறீர்களா என்றும் சொல்லுங்கள்.

கதிர்மதி | அக்டோபர் 8, இரவு 9.15

இடது பக்கம் என் நான்கு விரல் முழுதாகப் போகிறது! இடுப்பும் இடது பக்கம் உயரமாக இருக்கிறது. நோய் வந்த கால் எப்படி நீளமாகும், குட்டையாகத்தானே ஆகும்? தலையணை தினமும் வைக்கிறோம், மாமியார்தான் வைப்பார், குழந்தைக்கு இதமாக இருக்கிறதாம்.

14ஆம் தேதிக்கு டிக்கெட் எடுத்துவிட்டோம். வலதுகண் தம்பி, பணம் வேண்டாம், மனது போதும்.

தறிவீட்டுப் பெண் | அக்டோபர் 9, காலை 7.30

நீளமாகத்தான் ஆகும். அழற்சி உள்ள முட்டிக்கு இரத்த ஓட்டம் கூடும். பக்கத்தில் எலும்பு வளரும் பகுதி அந்தத் தீனியைத் தின்று வேகமாக வளரும். சின்னக் குழந்தைகளில் இப்படி நடக்கும். வளர்ந்த பிள்ளைகளில் வளர்ச்சிப் பகுதி சீக்கிரம் மூடிக்கொண்டு குட்டையாகவும் ஆகலாம், அது வேறு கதை.

இப்போது என்ன நடக்கிறது என்றால், நீளமான காலைச் சமன்செய்யக் குழந்தை முட்டியை மடக்கியே நிற்கிறாள். மடக்கி நிற்க நிற்கப் பின்தொடைத் தசை சுருங்கும், முன்தொடை மெலியும். வீக்கம் வற்றியபிறகும் சில குழந்தைகளுக்கு நொண்டல் போகாததற்கு இதுதான் காரணம். தலையணையை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அந்த இதம்தான் முட்டியை மடக்கிவைக்கிறது. அத்தையிடம் பதமாகச் சொல்லுங்கள், அவர் பாசத்தில் செய்தது.

மருத்துவமனையில் கால் நீளத்தை அளந்து தரச் சொல்லுங்கள். ஒன்றரை சென்டிமீட்டர் என்று வந்தால், வலது செருப்புக்கு அடியில் ஒரு சென்டிமீட்டர் எம்.சி.ஆர். அட்டை ஒட்டித் தரச் சொல்லிச் செருப்பு தைப்பவரிடம் கொடுக்கலாம். வலதுக்கு என்பதைக் கவனியுங்கள். நோய் வந்த காலுக்கு ஒட்டிக் கொண்டுவரும் பெற்றோரை மாதம் ஒருவராவது பார்க்கிறேன். முழு வித்தியாசத்தையும் ஈடுகட்ட வேண்டாம். முட்டி அமைதியாக இருந்தால் மற்றொரு கால் வளர்ந்து ஓரளவு எட்டிப் பிடிக்கும்.

மூன்று சக்கர சைக்கிள் ஓட்டட்டும். இரவில் முட்டியை நீட்டி வைக்கும் ஸ்பிளின்ட் தேவையா என்பதை அங்கே பார்த்துச் சொல்வார்கள்.

கதிர்மதி | அக்டோபர் 15, பிற்பகல் 1.00

நேற்று போய் வந்தோம். இரண்டு கண்ணிலும் அணுக்கள். வலதில் அரை, இடதில் ஒன்று. இடது கண்ணில் ஐந்து மணி முள் நிற்கும் இடத்தில் கண்மணியின் ஓரம் லென்ஸோடு ஒட்டத் தொடங்கியிருக்கிறதாம். கண்மணியை விரிக்கும் சொட்டு விட்டதும் ஒட்டியது விடுபட்டுவிட்டது. இன்னும் இரண்டு மாதம் கழித்து வந்திருந்தால் விடுபட்டிருக்காது என்று சொன்னார்கள். கண் இன்றைக்கும் பால் மாதிரி வெள்ளையாக இருக்கிறது. போட்டோ எடுத்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. அழுதுகொண்டேதான் பஸ் ஏறினேன்.

பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு சொட்டு, விழித்திருக்கும்போது இரண்டு மணிக்கு ஒரு முறை, ஒரு வாரம். பிறகு நாளுக்கு நான்கு. இரவில் கண்மணி விரிக்கும் சொட்டு. இரண்டு வாரத்தில் திரும்ப வர வேண்டும். கால் வித்தியாசம் ஒன்று புள்ளி நான்கு. செருப்பு வேலை நடக்கிறது.

பழைய கண் டாக்டர் | அக்டோபர் 15, மாலை 4.20

அழுது முடித்துவிட்டு ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பிரெட்னிசோலோன் சொட்டு பால்போல் இருக்கும் கலங்கல். மருந்து அடியில் படிந்துவிடும். குலுக்காமல் விட்டால் வெறும் தண்ணீர்தான் கண்ணுக்குப் போகும். ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்குங்கள். "சொட்டு விட்டும் அடங்கவில்லை" என்று வந்தவர்களில் சிலர் குலுக்காதவர்கள்.

சேலத்து அப்பா | அக்டோபர் 15, இரவு 8.05

சகோதரி, முதல் பதிலில் நான் எழுதியதை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது. என் மகனின் நோயை உங்கள் மகளுக்கு ஒட்டவைத்துவிட்டேன்.

கதிர்மதி | ஜனவரி 22, இரவு 10.30

மூன்று மாதம் ஆகிவிட்டது. நடந்தது இதுதான். நவம்பர் நடுவில் இரண்டு கண்ணும் சுத்தம். சொட்டை நான்கிலிருந்து மூன்று, மூன்றிலிருந்து இரண்டு என்று குறைத்தார்கள். ஒவ்வொரு முறை குறைத்ததும் ஒரு மாதத்துக்குள் வரச் சொன்னார்கள். டிசம்பரில் ஒன்றுக்குக் குறைத்ததும் இடது கண்ணில் திரும்ப அணுக்கள். மறுபடி நான்கு. இப்போது கண் அழுத்தம் 14இலிருந்து 23க்கு ஏறியிருக்கிறது, அது ஸ்டீராய்டு சொட்டால் என்கிறார்கள். சொட்டைக் குறைத்தால் நோய், கூட்டினால் அழுத்தம். மெத்தோட்ரெக்ஸேட் தொடங்கலாம் என்றார்கள். முட்டிக்கு ஒன்றும் இல்லை, இடுக்கில் இரண்டு விரல்தான் நுழைகிறது இப்போது. முட்டி நன்றாக இருக்கும்போது மூட்டு மருந்து எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். எனக்கே பதில் தெரியவில்லை.

பெரியகுளத்தான் | ஜனவரி 23, காலை 5.50

அம்மா, மெத்தோட்ரெக்ஸேட் புற்றுநோய் மருந்து. என் பேத்திக்குக் கொடுக்கச் சொன்னபோது நான் ஆறு மாதம் தடுத்தேன். நடுவிரல் ஒன்று கோணியது அந்த ஆறு மாதத்தில்தான். தடுத்தது சரியா தவறா என்று இன்றும் எனக்குள் வழக்கு நடக்கிறது. மூன்று வயதுக் குழந்தைக்கு என்றால் எனக்கு இன்னும் பயம்தான், மறைக்க மாட்டேன்.

பழைய கண் டாக்டர் | ஜனவரி 23, பகல் 12.15

பயம் நியாயம்தான், அளவைப் பாருங்கள். புற்றுநோய்க்குக் கொடுக்கும் அளவுக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். குழந்தையின் உடல் பரப்புக்குச் சதுர மீட்டருக்கு 10 முதல் 15 மில்லிகிராம், வாரத்துக்கு ஒரே ஒரு முறை. பதின்மூன்று கிலோ இருப்பாள் என்றால் பரப்பு அரை சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. ஏறக்குறைய ஏழரை மில்லிகிராம், அதாவது இரண்டரை மில்லிகிராம் மாத்திரை மூன்று.

ஏன் என்றால், இப்போது இந்த மருந்து கண்ணுக்காக. ஸ்டீராய்டு சொட்டு நாளுக்கு ஒன்று இரண்டோடு நின்றால் புரை பயம் குறைவு. மூன்று மாதம் கழித்தும் அதற்கு மேல் தேவைப்பட்டால், அழற்சியைப் போலவே சொட்டும் கண்ணைத் தின்னத் தொடங்கும். உங்கள் மகள் அந்த இடத்தில்தான் நிற்கிறாள், அழுத்தமும் ஏறிவிட்டது. மெத்தோட்ரெக்ஸேட் வேலை செய்ய இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை சொட்டை அவசரப்பட்டுக் குறைக்காதீர்கள்.

அதிலும் அடங்காவிட்டால் அடாலிமுமாப் ஊசி சேர்ப்பார்கள். பிரிட்டனில் இதே நோய்க்குச் செய்த ஒரு பெரிய சோதனையில் மெத்தோட்ரெக்ஸேட்டோடு அதைச் சேர்த்த குழந்தைகள் அவ்வளவு தெளிவாக நன்றாக இருந்ததால் சோதனையையே பாதியில் நிறுத்தினார்கள், 2017இல் வெளியானது. அது இரண்டு வாரத்துக்கு ஒரு ஊசி, தொடங்குமுன் காசநோய்ச் சோதனை கட்டாயம். மூட்டுக்குப் பலருக்கும் போடும் எட்டனர்செப்ட் இந்தக் கண்ணுக்கு உதவாது. அது இப்போதைக்கு வேண்டாத பேச்சு.

எவ்வளவு காலம் என்று கேட்பீர்கள். சொட்டு இல்லாமல் அல்லது மிகக் குறைந்த சொட்டோடு இரண்டு ஆண்டு அமைதியாக இருந்த பிறகுதான் குறைப்பதைப் பற்றிப் பேசுவார்கள். நிறுத்தியபின் சிலருக்குத் திரும்ப வருகிறது. யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல எனக்குத் தெரிந்த எவராலும் முடியவில்லை.

வலதுகண் | ஜனவரி 23, இரவு 11.20

மெத்தோட்ரெக்ஸேட் நானும் பத்து ஆண்டு சாப்பிட்டேன், வலது கண்ணைக் காப்பாற்றியது அதுதான். ஒரு எச்சரிக்கை. ஒரு மருந்துக் கடையில் உறையின் மேல் "தினம் 1" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் வாயெல்லாம் புண். அம்மா கவனித்ததால் பிழைத்தேன். ஒரு கிழமையைத் தேர்ந்தெடுங்கள், நாட்காட்டியில் அந்தக் கிழமையை மட்டும் வட்டமிடுங்கள், மாத்திரையைச் சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

தறிவீட்டுப் பெண் | ஜனவரி 24, காலை 7.10

இரண்டு விரலா! அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். செருப்பை மூன்று மாதத்துக்கு ஒரு முறை அளந்து பாருங்கள். கால் எட்டிப் பிடித்த பிறகும் பழைய உயரத்திலேயே நடக்கவிட்டால் இடுப்பு மறுபக்கம் சாயும்.

கதிர்மதி | மார்ச் 28, இரவு 9.50

மெத்தோட்ரெக்ஸேட் தொடங்கிவிட்டோம். வியாழக்கிழமை என்று வைத்திருக்கிறோம். மூன்று மாத்திரை, மறுநாள் ஃபோலிக் அமிலம். இரத்தச் சோதனையில் ஈரல் சரியாக இருக்கிறது. போன வாரம் இரண்டு கண்ணும் சுத்தம், சொட்டு நாளுக்கு இரண்டு, அழுத்தம் 17. இடது முட்டியில் ஒரு விரல்கூட நுழையவில்லை. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் வேப்பிலை கட்டியிருக்கிறார்கள், அம்மை. டாக்டரிடம் போனில் கேட்டேன். அந்தப் பக்கம் கூட்டிப்போக வேண்டாம், தப்பித்தவறி அந்த வீட்டுப் பிள்ளையோடு விளையாடிவிட்டால் கொப்புளம் வரும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே சொல்லுங்கள் என்றார்.

புதுத் தொல்லை வேறு. மாத்திரை மஞ்சள் நிறம். முதல் மாதம் ஒன்றும் இல்லை. இப்போது வியாழக்கிழமை காலையில் மாத்திரையைக் கண்டதுமே குமட்டுகிறாள், வாயில் போடுவதற்கு முன்பே. போன வாரம் எலுமிச்சைச் சாதத்தைப் பார்த்து வாந்தி எடுத்தாள். நேற்று மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு வந்த மாமாவிடம் போக மறுத்துவிட்டாள். சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது. வாழைப்பழத்தில் மறைத்தாலும் கண்டுபிடித்துவிடுகிறாள்.

பழைய கண் டாக்டர் | மார்ச் 29, காலை 10.40

அந்த மஞ்சள் பயத்தை நிறையக் குழந்தைகளிடம் பார்த்திருக்கிறேன். மனத்தில் பதிந்துவிட்டால் மறைத்துக் கொடுத்துப் பயனில்லை. இதே மருந்து தோலுக்கு அடியில் போடும் ஊசியாகவும் இருக்கிறது; சிறிய ஊசிதான், வீட்டிலேயே போடக் கற்றுத்தருவார்கள். இரவு தூங்குவதற்கு முன் கொடுத்துப் பார்க்கலாமா, ஊசிக்கு மாற்றலாமா என்று மூட்டுவாத மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக ஒரு வாரத்தையும் விட்டுவிடாதீர்கள்.

கதிர்மதி | மார்ச் 29, இரவு 8.30

ஊசி என்றால் அவளுக்கு முட்டி ஊசி நினைவு வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது, அதற்கு மயக்கம் கொடுத்ததே அவளுக்கு இன்னும் மறக்கவில்லை. ஏப்ரல் 9 அடுத்த கண் தேதி. அதே நாளில் மூட்டு டாக்டரையும் பார்த்துக் கேட்கிறேன். அதுவரைக்கும் வியாழக்கிழமையில் தயிர்ச்சாதம்தான், வீட்டில் யாருக்கும் மஞ்சள் நிறத்தில் எதுவும் இல்லை. சாம்பார் கேட்டு அவர்தான் முனகுகிறார்.